ஒரே நாளில் 24 புதியவர்களை வேலைக்குத் தயார் செய்தது எப்படி

பண்டிகைக்கு முன்னால் ஆள் கிடைப்பதில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டு உபயோகப் பொருள்களுக்கு ஆன்லைனில் ஆர்டர் வாங்கி, பேக் செய்து அனுப்பும் ஒரு குடோனுக்கு நான் பொறுப்பாளர். இரண்டு பண்டிகைக் காலம் பட்டபிறகுதான் புரிந்தது, எங்களுக்கு ஆள் கிடைப்பது பிரச்சினையே இல்லை, வந்த ஆளிடம் என்ன வேலையைக் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை.

முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். எங்களிடம் நிரந்தரமாக 9 பேர். சாதாரண நாளில் சுமார் 400 பார்சல் போகும். பண்டிகைக்கு முந்தைய இரண்டு வாரம் அது 1,300 ஆகும் என்று தெரியும். மூன்று மடங்கு பார்சல், அதனால் மூன்று மடங்கு ஆள் என்று கணக்குப் போட்டு, அவசர அவசரமாக 18 பேரைப் பிடித்தோம். கூட்டம் ஆரம்பிக்கிற அன்றைக்கே அவர்களை வரச்சொல்லி, காலையில் எல்லோரையும் உட்கார வைத்து இரண்டரை மணி நேரம் பேசினேன். குடோனைச் சுற்றிக் காட்டினேன். ராக் எண் எப்படிப் படிப்பது, பில்லில் எங்கே என்ன இருக்கும், கண்ணாடிப் பொருளை எப்படிச் சுற்றுவது, ரிட்டர்ன் வந்தால் என்ன செய்வது என்று எதையும் விடவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். மத்தியானம் வேலையில் இறங்கியதும் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில் இல்லை.

எங்கள் பழைய ஆள் ஒருவர் ஒரு நாளைக்கு 45 பார்சல் முடிப்பார். பில்லை எடுத்து, ராக்குக்குப் போய்ப் பொருளை எடுத்து, சரிபார்த்து, பேக் செய்து, ஸ்டிக்கர் ஒட்டி, ஏரியா வாரியாகப் பிரித்து வைப்பது வரை எல்லாம் அவரேதான். புதியவர்களையும் அப்படியே விட்டோம். முதல் நாள் ஒருவர் 12 முடித்தால் பெரிது. அதைவிட மோசமானது, பழையவர்களின் வேகமும் பாதியாகிவிட்டது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து "அண்ணா, இந்த ராக் எங்கே இருக்கு?" என்று நிற்பார்கள். ஆனாலும் அன்றைக்கு எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது தாமதம் மட்டும்தான். தப்பு எவ்வளவு நடந்தது என்பது ஒரு வாரம் கழித்து ரிட்டர்ன் வந்து குவிந்தபோதுதான் தெரிந்தது. 1 லிட்டர் டப்பா கேட்டவருக்கு 750 மில்லி டப்பா போயிருந்தது. இரண்டுக்கும் ஒரே நீல மூடி, இரண்டும் பக்கத்துப் பக்கத்து ராக்கில் இருந்தன. பண்டிகை முடிந்து கைக்கு வரும் மாற்றுப் பொருளால் வாங்கியவருக்கு என்ன பிரயோஜனம்? அதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

அடுத்த வருடம், இரண்டு மாதத்துக்கு முன்பே ஒரு நாள் முழுக்க, பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்று பார்த்தேன். ஒரு பார்சலுக்கு மொத்தம் 10 நிமிடம் ஆகிறது. அதில் பொருளைத் தேடி எடுக்க 4 நிமிடம், பில்லோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க 1 நிமிடம், பேக்கிங் 4 நிமிடம், ஸ்டிக்கர் ஒட்டிப் பிரித்து வைக்க 1 நிமிடம். இந்த நான்கில், குடோனைப் பற்றித் தெரிந்திருந்தால் மட்டுமே செய்யக்கூடியவை எவை என்று யோசித்தால், பொருள் எடுப்பதும் சரிபார்ப்பதும்தான். பேக்கிங் அப்படியில்லை. மேசையைத் தாண்டி எதுவும் தெரியாத ஒருவரும் ஒரு மணி நேரத்தில் அதைக் கற்றுக்கொள்ளலாம். பார்சல் மொத்தத்தையும் ஒரு நாளில் யாருக்கும் கற்றுக்கொடுக்க முடியாது, ஆனால் அதில் ஒரு துண்டைக் கற்றுக்கொடுக்கலாம். எனவே வேலையை நான்காக வெட்டி, ஒருவருக்கு ஒரு துண்டு மட்டும் என்று முடிவு செய்தோம்.

பொருள் எடுப்பதிலும் ஒரு வழி இருந்தது. முந்தைய வருடப் பில்களை எடுத்துப் பார்த்தபோது, பண்டிகை ஆர்டர்களில் பாதிக்கு மேல் சுமார் 30 பொருள்களுக்குள்ளேயே அடங்கிவிட்டது. அந்த 30 பொருளையும் குடோனுக்குள்ளிருந்து எடுத்து, பேக்கிங் மேசைகளுக்கு எதிரே ஒரே வரிசையில் அடுக்கினோம். ராக் எண்ணுக்குப் பதிலாக 1 முதல் 30 வரை பெரிய எழுத்தில் எண். அந்த வரிசையிலிருந்து எடுக்க 2 நிமிடம்கூடத் தேவைப்படவில்லை, அதையும் புதியவர்களே செய்யலாம். மிச்ச ஆர்டர்களுக்குத்தான் உள்ளே போகவேண்டும், அதைப் பழையவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இப்போது ஆள் கணக்கு வேறு மாதிரி வந்தது. இடைவேளை போக ஒருவருக்கு ஒரு நாளில் 450 நிமிடம். புதியவர் ஒரு பார்சல் பேக் செய்ய 4 நிமிடம் என்று போடாமல் 5 நிமிடம் என்று போட்டேன், அப்போது ஒரு நாளைக்கு 90 பார்சல். 1,300 பார்சலுக்கு 15 பேர். 30 பொருள் வரிசைக்கு 4 பேர், ஸ்டிக்கருக்கு 3 பேர். ஆக மொத்தம் 22 புதியவர்கள். பழைய 9 பேரில் 5 பேர் உள்ளே பொருள் எடுக்க, 3 பேர் சரிபார்க்க, ஒருவர் கையில் எந்த வேலையும் இல்லாமல் சும்மா சுற்றிவர. அந்த ஒருவரைச் சும்மா விடுவதுதான் முதலாளிக்குப் புரியவைக்கச் சிரமமாக இருந்தது. ஆனால் கணக்கிலேயே மிக முக்கியமான ஆள் அவர்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

22 பேர் வேண்டும் என்றால் 30 பேரிடம் சம்மதம் வாங்கவேண்டும். தற்காலிக வேலைக்கு வருகிறேன் என்று சொன்னவர்களில் சிலர் வரமாட்டார்கள், வேறு இடத்தில் ஒரு நாள் முன்னால் கூப்பிட்டிருப்பார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. முதலில் போன வருடம் வந்தவர்களுக்கு போன் போட்டோம். அப்புறம் எங்கள் ஆட்களிடமே, தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்றோம். ஏஜென்ட் மூலமும் சிலர். ஏஜென்ட் அனுப்பும் ஆளை எடுப்பதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் பேசி முடித்த ஆளுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்புவது சர்வசாதாரணம். யார் வருகிறார்கள் என்று பெயரோடு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்குப் போய்ச்சேரும் கூலி எவ்வளவு என்பதையும் கேளுங்கள். நாம் கொடுப்பதாக நினைப்பது ஒன்றாகவும் அவர்கள் கைக்குப் போவது வேறாகவும் இருந்தால், மூன்றாம் நாள் ஆள் நின்றுவிடுவார்.

ஆள் தேர்வுக்கு ஒருவருக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்கினோம். படிப்பு, முன் அனுபவம் என்று எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. வயதுச் சான்றை மட்டும் கண்டிப்பாகப் பார்த்தோம், 18 நிறையாதவர் எவரையும் எடுக்கவில்லை. அதன் பிறகு ஒரு மேசையில் காலி டப்பாக்கள் இருபது, ஒவ்வொன்றிலும் எட்டு இலக்க எண் ஒன்று ஒட்டியிருக்கும். கையில் ஐந்து சீட்டு கொடுத்து, எண் பார்த்து டப்பாவை எடுத்து வையுங்கள் என்போம். எண்களில் சில கடைசி இலக்கம் மட்டும் மாறியிருக்கும். ஐந்தில் ஒரு சீட்டுக்கான டப்பா மேசையிலேயே இருக்காது. அந்த ஒரு சீட்டுக்கு அவர் என்ன செய்கிறார் என்பதைத்தான் நாங்கள் பார்த்தோம். சிலர் கிட்டத்தட்ட அதே எண் உள்ள டப்பாவை எடுத்து வைத்துவிடுவார்கள். சிலர் திரும்பத் திரும்பத் தேடிவிட்டு, "இது இங்கே இல்லையே" என்பார்கள். அப்படிக் கேட்பவர்களைப் பேக்கிங்கிலும் அந்த 30 பொருள் வரிசையிலும் போட்டோம். கேட்காதவர்களை நிராகரிக்கவில்லை. அதில் ஒரு டப்பா இல்லை என்பதை விளக்கிச் சொல்லி, இன்னொரு தடவை செய்யவைத்தோம், பலர் இரண்டாவது தடவை சரியாகவே செய்தார்கள். புது இடத்தில் கேட்டால் ஏதாவது நினைத்துக்கொள்வார்களோ என்ற தயக்கம்தான், வேறொன்றும் இல்லை.

அப்போதே எல்லோர் கையிலும் ஒரு தாள் கொடுத்தோம். தினக்கூலி எவ்வளவு, எத்தனை மணிக்கு வரவேண்டும், இடைவேளை எப்போது, கூடுதல் நேரம் நின்றால் என்ன கணக்கு, சம்பளம் எந்தத் தேதியில், வேலை எந்தத் தேதியோடு முடிகிறது, இவ்வளவுதான் அதில். முடியும் தேதியை எழுதுவதற்கு நிறைய பேர் தயங்குவார்கள், நல்லா வேலை செய்தால் தொடரலாம் என்று இழுத்தடிப்பார்கள். அது செய்யக்கூடாத காரியம். அவர் அடுத்த வேலையைத் தேடிக்கொள்ளும் உரிமையை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இனி அந்த ஒரு நாள்.

கூட்டம் தொடங்குவதற்கு மூன்று நாள் முன்னால், ஆர்டர் குறைவாக வரும் நாளாகப் பார்த்து வரச்சொன்னோம், பயிற்சி நாளுக்கும் முழுச் சம்பளம். 30 பேரில் 24 பேர் வந்தார்கள். எல்லோரையும் ஒன்றாகக் கூட்டவில்லை. காலை 8 மணிக்கு 8 பேர், 10 மணிக்கு 8 பேர், 12 மணிக்கு 8 பேர். கற்றுக்கொடுக்கப் பழையவர்கள் மூன்று பேர். அதாவது ஒருவரிடம் ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் இல்லை. மூன்றுக்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்குக் கை தெரியாது, தலைதான் தெரியும்.

முதல் இருபது நிமிடம் வேலையே இல்லை. கழிப்பறை, தண்ணீர், பை வைக்கும் இடம், தீப்பிடித்தால் எந்தக் கதவு, முதலுதவிப் பெட்டி எங்கே என்று நடந்தே காட்டினோம். அடுத்து கட்டர். டேப்பை வெட்டும் கட்டரால்தான் பேக்கிங் மேசையில் அதிகம் கை கிழியும். முதல் வருடம் ஒரு தங்கைக்குக் கட்டைவிரலில் நல்ல வெட்டு விழுந்தது, டப்பாவை இடது கையால் பிடித்துக்கொண்டு அதே கையை நோக்கிக் கட்டரை இழுத்திருக்கிறாள். யாரும் அவளுக்கு வேறு மாதிரி காட்டவில்லை. இந்தத் தடவை ஒவ்வொருவரையும், பிடிக்கும் கை பிளேடின் பாதையில் இல்லாமல், கட்டரை உடம்பைவிட்டு வெளிப்பக்கம் இழுத்து, வேலை முடிந்ததும் பிளேடை உள்ளே தள்ளிக் காட்டச் சொன்னோம். பத்துத் தடவை சரியாகச் செய்த பிறகுதான் கட்டர் கையில்.

அப்புறம் பேக்கிங். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்கள் பெருமளவில் வந்தபோது, மேற்பார்வையாளர்களுக்காக ஒரு கற்பிக்கும் முறையை உருவாக்கினார்கள், அதன் பயிற்சித் திட்டம் 1940-இல் தொடங்கியது. ஆளைத் தயார்படுத்து, செய்து காட்டு, செய்யவிடு, பின்தொடர்ந்து பார் என்று நான்கு படிதான். அதைத்தான் நாங்களும் செய்தோம். பழையவர் முதலில் ஒன்றும் பேசாமல் ஒரு பார்சலை முழுதாகப் பேக் செய்வார். இரண்டாவது தடவை ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே செய்வார். மூன்றாவது தடவை ஏன் அப்படி என்பதையும் சேர்த்துச் சொல்வார். உதாரணத்துக்கு, பேக் செய்ததும் பெட்டியைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு குலுக்கு. உள்ளே ஏதாவது நகரும் சத்தம் கேட்டால் மறுபடி திறந்து காலி இடத்தில் காகிதத்தைத் திணிக்கவேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு தடவை நகர்ந்தால் லாரியில் நூறு தடவை நகரும். இந்த ஏன் தெரிந்தவர் கூட்ட நேரத்திலும் குலுக்கிப் பார்ப்பதை விடமாட்டார். அதன் பிறகு புதியவர் செய்வார், செய்துகொண்டே தான் என்ன செய்கிறேன், எதற்கு என்று வாயால் சொல்லவேண்டும். வாயால் சொல்ல வரவில்லை என்றால் கை தற்செயலாகச் சரியாகச் செய்திருக்கிறது என்று அர்த்தம், இன்னொரு தடவை காட்டவேண்டும்.

ஒவ்வொரு மேசைக்கு மேலேயும் சுவரில் இரண்டு நிஜப் பெட்டிகளைத் தொங்கவிட்டோம், ஒன்று சரியாக ஒட்டியது, இன்னொன்று டேப் விளிம்பு பிரிந்து ஸ்டிக்கர் மடிப்பில் விழுந்தது. படமோ எழுத்தோ வேண்டியிருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும்.

பயிற்சி முடிந்ததும் அன்றைக்கு வந்த நிஜ ஆர்டர்கள். ஒவ்வொருவரும் பேக் செய்த முதல் 20 பார்சலையும் ஒன்றுவிடாமல் திறந்து பார்த்தோம். நேரம் வீண் என்று தோன்றும். ஆனால் இருபதும் சரி என்றால் அடுத்து ஐந்தில் ஒன்றைத்தான் திறக்கவேண்டும், அதிலும் தப்பில்லை என்றால் இன்னும் குறைக்கலாம். எந்தப் பார்சல் யாருடையது என்று தெரிய, பெட்டியின் அடியில் மேசை எண்ணை எழுதச் சொன்னோம். அதை முதலிலேயே விளக்கிவிடவேண்டும், பிடித்துக் கொடுப்பதற்காக இல்லை, எந்த மேசையில் மறுபடி காட்டித்தரவேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் என்று.

இப்போது அந்தச் சும்மா சுற்றும் ஆளுக்கு வருகிறேன். எங்களில் ரொம்பப் பொறுமையான ஒரு அக்காவை அதற்குப் போட்டோம். தலையில் ஆரஞ்சு நிறத் தொப்பி. சந்தேகம் என்றால் தொப்பி போட்ட அக்காவைக் கூப்பிடு, வேறு யாரையும் தேடாதே. அவர் உடனே வர முடியாவிட்டால் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் டிரே இருக்கும், சந்தேகமான பொருளைப் பில்லோடு அதில் வைத்துவிட்டு அடுத்ததை எடு. டிரேயில் வைத்ததற்காக யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். முதல் நாளில் மட்டும் அந்த டிரேக்களில் 31 பார்சல் சேர்ந்தது. மாலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அதில் பாதிக்கு மேல் அவர்கள் பக்கம் தப்பே இல்லை, எங்கள் பில்லில் இருந்த பெயர் ஒன்று, டப்பாவில் இருந்த பெயர் வேறு. நாங்கள் பழக்கத்தால் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தோம். "அக்கா, இது ரெண்டும் ஒண்ணுதானா?" என்று ஒரு பையன் கொண்டுவந்தது அதே நீல மூடி டப்பாக்களைத்தான். அன்றைக்கு ராத்திரியே 750 மில்லியை வரிசையின் ஒரு கோடிக்கும் 1 லிட்டரை மறு கோடிக்கும் மாற்றி, பெரியதன் மூடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினோம். அந்த சீசன் முழுக்க அந்தத் தப்பு திரும்ப வரவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு இரண்டு பேர் திரும்பி வரவில்லை. 22 பேர் மிஞ்சினார்கள், எங்களுக்குத் தேவையும் அதுதான்.

வேகத்தைப் பற்றி முதல் நாள் எதுவுமே பேசவில்லை. அன்று ஒரு பார்சலுக்கு 7, 8 நிமிடம் எடுத்தார்கள், மறுநாள் மாலைக்குள் பெரும்பாலானோர் 5 நிமிடத்துக்கு வந்துவிட்டார்கள். கெடுத்துக்கொண்டது பிறகுதான். கூட்டம் தொடங்கிய இரண்டாம் நாள், 100 பார்சல் தாண்டினால் கூடுதல் பணம் என்று முதலாளி அறிவித்தார், நல்ல எண்ணத்தில்தான், நானும் தடுக்கவில்லை. அன்று மாலையே திறந்து பார்த்த பெட்டிகளில் காகிதம் திணிக்காதவை கூடின, மஞ்சள் டிரே காலியாக இருந்தது. டிரே காலியாக இருப்பதைப் பார்த்துத்தான் எனக்கே பயம் வந்தது. சந்தேகங்கள் திடீரென்று தீர்ந்துபோயிருக்க முடியாது, கேட்க நிற்பதற்கு யாருக்கும் மனமில்லை என்றுதான் அர்த்தம். மறுநாள் காலையில் எண்ணிக்கைப் பணத்தை நிறுத்திவிட்டு, முந்தைய நாள் அதற்குத் தகுதி பெற்றவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு, கடைசி நாள் வரை வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே அளவு கூடுதல் தொகை என்று மாற்றினோம். டிரேயில் மறுபடி பார்சல் விழ ஆரம்பித்தது.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. ஒரே துண்டு வேலையை நாள் முழுக்கச் செய்தால் நாலு மணிக்கு மேல் கண் சொருகும், தப்பெல்லாம் அந்த நேரத்தில்தான். பேக்கிங்கில் இருப்பவரை ஸ்டிக்கருக்கு மாற்றிவிடலாமே என்று நினைத்து ஒரு நாள் மாற்றினேன், ஸ்டிக்கர் வேலை அவருக்குக் கற்றுத்தரப்படவில்லை என்பதால் இரண்டு ஏரியா பார்சல்கள் கலந்துவிட்டன. அதன் பிறகு வேலையை மாற்றவில்லை, மூன்றரை மணிக்குக் கூடுதலாகப் பத்து நிமிட இடைவேளை விட்டோம், உட்கார ஸ்டூல் போட்டோம். ஒருவருக்கு இரண்டு துண்டு தெரியவேண்டும் என்றால் இன்னொரு அரை நாள் கற்றுக்கொடுக்க எடுத்துக்கொள்ளவேண்டும், கூட்டத்தின் நடுவில் அந்த அரை நாள் கிடைக்காது.

கடைசி நாள் மாலை, சொன்ன தேதியில் சம்பளத்தைக் கையில் கொடுத்து, ஒவ்வொருவரும் எந்த வேலை செய்தார், அடுத்த தடவை வர விருப்பமா என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். அடுத்த வருடம் அந்த நோட்டைப் பார்த்துக் கூப்பிட்டதில் 11 பேர் வந்தார்கள். தெரிந்தவர்கள்தானே என்று அவர்களை நேராக மேசையில் நிறுத்திவிடவில்லை, அந்த 30 பொருளும் மாறியிருந்தது, புதுவகை டேப்பும் வந்திருந்தது. அவர்களுக்கு அரை மணி நேரம். ஆரஞ்சுத் தொப்பியை அந்தத் தடவை போட்டுக்கொண்டது, நீல மூடி டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்த அந்தப் பையன்.